கடலோரக் கோடையில் பூனை: தரையும் தண்ணீரும்

பூனைக்கு வெயில் தாங்காது என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. "அது பாலைவனத்துப் பிராணிதானே!" என்பார்கள். அதில் பாதி உண்மை. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் வாழ்ந்த விலங்கு. இரை பிடித்துத் தின்பதிலேயே பெரும்பகுதித் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். சிறுநீரை நன்றாகச் சுண்டவைத்து வெளியேற்றும். உடம்பு சூடானால் தன் ரோமத்தை நக்கும். எச்சில் காய்ந்து ஆவியாகும்போது சூடு இறங்கும். வறண்ட காற்றில் இது அருமையான ஏற்பாடு. நாங்கள் இருப்பதோ சென்னைக் கடலோரத்துத் திருவான்மியூரில்.

பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடிச்சதையில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அதனால் நக்குவதுதான் அதன் முதல் வழி. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது கடைசி வழி. இரண்டும் வேலை செய்யக் காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையில் மே மாதத்து நாள் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். காலை பத்து மணி வாக்கில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். வெயில் ஏறும், ஆனால் காற்று உலர்ந்திருக்கும். மதியத்தை ஒட்டி கடற்காற்று உள்ளே வரும். வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், நாம் "அப்பாடா" என்போம். அதோடு ஈரப்பதமும் ஏறிவிடும். இரவில் காற்று அசையாமல் நின்றால், 29 டிகிரியில் தலையணை நனைகிற புழுக்கம். பூனை நக்கின இடம் ஈரமாகவே இருக்கும், சூடு இறங்காது. நக்கிய எச்சிலும் உடம்பிலிருந்து போன தண்ணீர்தான். ஆக, குளிர்ச்சியும் கிடைக்காமல் நீரும் குறைகிறது.

எங்கள் பூனையின் பெயர் செவலை. நாட்டுப் பூனை, ஆண், குடும்பக்கட்டுப்பாடு செய்தாயிற்று, எடை 4 கிலோ. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். கோடைக் குறிப்புகள் என்று கிடைப்பவற்றில் பாதி உலர்ந்த ஊருக்கு எழுதப்பட்டவை. ஈரத்துண்டைப் போர்த்து, ஏர் கூலர் வை, ஜன்னலில் நனைத்த துணியைத் தொங்கவிடு என்பவை எல்லாம் ஆவியாவதை நம்பியவை. கடலோரப் புழுக்கத்தில் இரண்டு விஷயங்களை நம்பலாம். ஒன்று, பூனையின் வயிறு படுகிற தரை. மற்றொன்று, சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போகிற தண்ணீர்.

தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூனைக்கு அடிவயிற்றில் ரோமம் மெலிது. குளிர்ந்த பரப்பில் வயிற்றை ஒட்டிப் படுத்தால் உடம்புச் சூடு நேராகத் தரைக்கு இறங்கும். காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் இது நடக்கும். அதனால் வீட்டில் எந்த இடம் எந்த நேரத்தில் குளிர்ந்திருக்கிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். கீழ்வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. மேல்மாடியில் கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபிறகு வீட்டுக்குள் விடும். மதியம் இரண்டு மணியைவிட இரவு எட்டிலிருந்து நள்ளிரவு வரைதான் அறை வெந்துபோயிருக்கும். ஆகவே 'வெயில் தாழ்ந்துவிட்டது, இனிப் பூனைக்குக் கவலையில்லை' என்ற கணக்கு மேல்மாடியில் செல்லாது.

சூடான காற்று மேலே நிற்கும். பூனைக்கோ உயரமான இடம்தான் பிடிக்கும். அலமாரி உச்சியும் பரணும் குளிர்காலத்துக்கு நல்ல மெத்தை, மே மாதத்தில் அடுப்பு. பரணுக்கு ஏறும் வழியாக இருந்த ஸ்டூலை எடுத்துவிட்டேன், பரண் கதவையும் சாத்திவிட்டேன். அதற்குப் பதிலாகச் சமையலறையில் கடப்பா கல் தட்டுகளில் கடைசித் தட்டைக் காலி செய்து கொடுத்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், மூன்று பக்கமும் மூடியிருக்கும், ஒளிந்துகொள்ளவும் தோது. குளியலறைக் கதவைத் திறந்தே வைக்கிறோம். அங்கே தரையில் தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் குடம் ஒன்று நிற்கும். செவலை அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பான். கடையில் விற்கிற குளிர் பாயை விட இந்தக் குடம் அவனுக்கு இஷ்டம். காசும் மிச்சம்.

மின்தடை நாட்களுக்காக ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். பனிக்கட்டியானதை எடுத்துப் பழைய வேட்டித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவன் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். மேலே சாய்த்து வைக்க வேண்டாம். வேண்டுமானால் அவனே நெருங்குவான், போதுமென்றால் விலகுவான். எந்த ஏற்பாடு செய்தாலும் பூனை எழுந்து போக வழி இருக்க வேண்டும். தனக்கு எது தேவை என்பது நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும். மூடிய அறையில் ஏசியைப் போட்டுப் பூனையை விட்டுவிட்டு வெளியே போவதில் உள்ள ஆபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மின்விசிறி விஷயத்தில் ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தந்தது. மேல்மாடியில் சீலிங் ஃபேன் கூரையடியில் தேங்கிய சூட்டைத்தான் கீழே தள்ளும். டேபிள் ஃபேனைத் தரையிலேயே வைத்து, தரையை ஒட்டிக் காற்று ஓடும்படி திருப்பினேன். உலர்ந்த ரோமத்தின் மேல் அடிக்கிற காற்று பூனைக்குப் பெரிய உதவி செய்வதில்லை, ரோமம் தடுத்துவிடும். கையைத் தண்ணீரில் நனைத்து அதன் தலை, காது, பாதம், அடிவயிறு இவற்றைத் தடவிவிட்டு, பிறகு காற்றில் விட்டால் கொஞ்சம் சூடு இறங்கும். விசிறி இல்லாமல் ஈரம் மட்டும் வைத்தால் பலன் இல்லை. துண்டை நனைத்துப் போர்த்திவிடுவது அதைவிட மோசம்: சில நிமிடங்களில் துண்டு உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம் அது வெறும் கம்பளி.

ஏர் கூலர் எங்கள் வீட்டில் பரணில்தான் கிடக்கிறது. வேலூரிலோ மதுரையிலோ இருந்தால் எடுத்திருப்பேன். வெட்டிவேர்த் தட்டிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. தரைக்காற்று வீசுகிற அந்த உலர்ந்த முற்பகலில், மேற்கு ஜன்னலில் தட்டியை நனைத்து விட்டால் அறை உண்மையிலேயே குளிரும். கடற்காற்று தொட்டவுடன் தட்டியைச் சுருட்டிவிட்டுக் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். சில நாட்களில் தரைக்காற்று பலமாக இருந்து கடற்காற்று மூன்று மணி வரைக்கும் வராமல் இழுத்தடிக்கும். 41, 42 டிகிரி போவது அந்த நாட்களில்தான். வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை ஜன்னலை மூடித் திரை போடுவதுதான் சரி. திறக்கிற ஜன்னலுக்கு இரும்பு வலை அடித்திருக்கிறோம். கொசுவலையைப் பூனை நகத்தால் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். கோடை இரவில் மாடியிலிருந்து பூனைகள் விழுவது அப்படித்தான்.

ரோமத்தை மழித்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாட்டுப் பூனைக்கு அது தேவையே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீப்பால் வாரி, உதிரத் தயாராக இருக்கும் உள்ரோமத்தை எடுத்துவிட்டால் தோலுக்குக் காற்று போகும். ஒட்ட மழித்தால் வெயில் நேராகத் தோலைச் சுடும். நீளரோமப் பெர்சியனுக்குச் சிக்கு விழுந்துவிட்டால் மருத்துவரிடம் சொல்லி வயிற்றுப் பக்கம் கத்தரிப்பது வேறு விஷயம்.

இனித் தண்ணீர். இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் வேண்டும். செவலைக்கு 4 கிலோ என்றால் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். இந்தக் கணக்கில் சாப்பாட்டுக்குள் இருக்கிற தண்ணீரும் சேரும். கோடையில் இதற்கு மேலும் தேவைப்படும். இப்போது டிரை ஃபுட் மட்டும் தின்கிற பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாளைக்கு 55, 60 கிராம் போதும். டிரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம், ஆக 6 மில்லி. மீதி முழுவதையும் கிண்ணத்திலிருந்து குடித்தாக வேண்டும். எந்தப் பூனையும் அப்படி உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிப்பதில்லை. பாலைவனத்து மூதாதையிடமிருந்து வந்த குணம் இது: தாகம் என்பது அதற்கு மெதுவாகத்தான் எடுக்கும். நாய் நீர்த்தொட்டியைத் தேடி ஓடுகிற அளவு உடம்பு வறண்டாலும் பூனை சும்மா படுத்திருக்கும்.

அதனால் கோடையில் செவலையின் சாப்பாட்டையே மாற்றிவிடுகிறேன். டிரை ஃபுட் 30 கிராம். அதோடு 85 கிராம் ஈர உணவுப் பவுச் ஒன்று. பவுச்சில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அது ஒன்றே 68 மில்லி. பவுச்சைக் காலையில் பாதி, இரவில் பாதியாகக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பாதியோடும் 30 மில்லி தண்ணீர் சேர்த்துக் குழைத்து, சூப் போலத் தளதளவென்று வைப்பேன். நடுவில் மதியம் 20 கிராம் வேகவைத்த கோழியை, அது வெந்த தண்ணீர் 30 மில்லியில் மிதக்கவிட்டுக் கொடுப்பேன். கோழிக்குள்ளேயே ஒரு 13 மில்லி இருக்கும். கூட்டிப் பாருங்கள்: டிரை ஃபுட்டில் 3, பவுச்சில் 68, கோழியில் 13, நான் சேர்த்தது 90. மொத்தம் 174 மில்லி அவன் சாப்பிட்டுக்கொண்டே குடித்துவிட்டான். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் நக்கினால் போதும்.

இதில் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. முதலாவது, மீதிப் பவுச்சை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஆனால் ஜில்லென்று கொடுத்தால் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும், குளிர்ந்த உணவில் வாசனை எழும்பாது. சேர்க்கப் போகிற அந்த 30 மில்லியை வெதுவெதுப்பாக ஊற்றினால் இரண்டும் சரியாகிவிடும். இரண்டாவது, நம் ஊர் வெயிலில் தட்டில் வைத்த ஈர உணவு வெகு சீக்கிரம் கெடும். அரை மணிக்கு மேல் நான் வைப்பதில்லை, மிச்சமிருந்தால் எடுத்துவிடுவேன். கெட்டதைத் தின்று வயிற்றால் போனால், சேர்த்த தண்ணீரெல்லாம் ஒரே பகலில் வெளியேறிவிடும். எறும்புக்கு, பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் கிண்ணத்தை வைக்கிறோம். மூன்றாவது, தண்ணீர் சேர்ப்பதைத் திடீரென்று ஆரம்பித்தால் சில பூனைகள் தொடாது. ஏப்ரலிலேயே ஒரு ஸ்பூனில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

கோழியோ மீனோ வேகவைக்கும்போது உப்பு, மஞ்சள், மிளகு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், குழம்பிலிருந்து எடுத்த துண்டானாலும் சரி. வெறும் மீனையே முழுச் சாப்பாடாகக் கொடுக்கிற வீடுகள் கடலோரத்தில் நிறைய. பூனைக்கு வேண்டிய சத்து எல்லாம் அதில் கிடைக்காது, ஆகையால் அது தொட்டுக்கொள்கிற அளவில் இருக்கட்டும்.

எங்கள் அத்தை வந்தால் முதலில் கேட்பது, "ஏம்மா, வெயில் நேரத்துல அதுக்கு ஒரு வாய் பால் வைக்கக் கூடாதா, வயிறு குளிரும்ல?" என்று. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, பேதியாகும். இளநீரைப் பற்றியும் கேட்டார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு ஆகாது என்று சொன்னதும், "எனக்கும் டாக்டர் அதையேதான் சொன்னார்" என்று சமாதானமாகிவிட்டார். மனிதர்களுக்கான ஓஆர்எஸ் கரைசலையும் மருத்துவர் சொல்லாமல் நான் தருவதில்லை. நன்றாக இருக்கிற பூனைக்கு வெறும் தண்ணீர் போதும்.

கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம். அகலமான, ஆழம் குறைந்த மண்சட்டி செவலைக்குப் பிடித்துப்போனது. மீசை விளிம்பில் இடிக்காது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலோ, அவன் மலசலம் கழிக்கிற மண் டிரேவுக்குப் பக்கத்திலோ வைத்த தண்ணீரை அவன் சீண்டுவதில்லை. அவன் நடந்து போகிற வழியில் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். புழுக்கக் காலத்தில் கிண்ணத்தின் உட்புறம் ஒரே நாளில் வழுவழுவென்று பாசி மாதிரிப் படியும். விரலால் தடவினால் தெரியும். தண்ணீரை மட்டும் மாற்றாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் நாளில், திறந்த பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்து ஊற்றுகிறேன்.

உள்ளே போனது போதுமா என்பதை வெளியே வருவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நாங்கள் கட்டியாகிற பென்டோனைட் மண்தான் போடுகிறோம். காலையும் மாலையும் அள்ளும்போது சிறுநீர்க் கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரிது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. செவலைக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று கட்டிகள், ஒவ்வொன்றும் சின்ன எலுமிச்சையைவிடப் பெரிதாக இருக்கும். அவை கோலிக்குண்டு அளவுக்குச் சிறுத்து, வாடையும் காரமாகிவிட்டால் தண்ணீர் போதவில்லை. மலம் உருண்டை உருண்டையாக உலர்ந்து வந்தாலும் அதே கதை. உடம்பிலும் பார்க்கலாம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டால் வழுக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் வறட்சி. தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று படிய வேண்டும், மெதுவாக இறங்கினால் உடம்பில் தண்ணீர் நன்றாகவே குறைந்திருக்கிறது. வயதான பூனைக்குத் தோல் தளர்ந்திருக்கும், அதற்கு ஈறுதான் நம்பகமான இடம்.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சிறுநீர் சுண்டும்போது அதில் உப்புத் துகள்களும் சளி போன்ற கசடும் சேரும். ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகல், அது அடைத்துக்கொள்ளும். பூனை திரும்பத் திரும்ப மண் டிரேவுக்குப் போகும், குந்தி முக்கும், கத்தும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும். கட்டி ஒன்றும் விழுந்திருக்காது, அல்லது ஒரு சொட்டுதான் இருக்கும். பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்துவிடுவார்கள். முழுவதும் அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நாளை காலை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத நோய் இது. நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

இப்போது ஏசி அறை விஷயம். எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் ஒரு பெர்சியன் பூனை இருக்கிறது. சப்பை மூக்கு, அடர்ந்த ரோமம், கொஞ்சம் குண்டு. மூச்சு வழியாகச் சூட்டை வெளியேற்றுவது இந்த ஜாதிக்கு நாட்டுப் பூனையைவிடக் கஷ்டம். ஒரு மே மாதப் பகலில் வீட்டுக்காரர்கள் ஏசியை ஓடவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்கள். மதியம் மின்சாரம் போனது. மூடிய ஜன்னல், மேற்கு வெயில். நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்த பையன் மாடிக்கு ஓடிவந்தான். "அக்கா, பூனை நாய் மாதிரி மூச்சு வாங்குது, எச்சில் ஒழுகுது, கொஞ்சம் வந்து பாருங்க."

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற பூனை ஆபத்தில் இருக்கிறது. நாய்க்கு அது சாதாரணம், பூனைக்கு இல்லை. தூங்குகிற பூனையின் விலா நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவைதான் எழும்பித் தாழும்; நாற்பதைத் தாண்டினாலே நான் உற்றுப் பார்ப்பேன். இந்தப் பூனையின் ஈறு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது, எழுந்து நிற்கக் கால் தள்ளாடியது.

பையனின் அம்மாவை வண்டி பிடித்து மருத்துவமனைக்கும் முன்கூட்டியே சொல்லச் சொல்லிவிட்டு, பூனையை எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தூக்கி வந்தோம். எங்களிடம் இன்வெர்ட்டர் இருந்ததால் விசிறி ஓடியது. இங்கே ஒரு சின்ன விஷயம் உயிரைக் காப்பாற்றும்: மதியத்தில் குழாயைத் திறந்தால் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும். அதை ஊற்றினால் பலன் இல்லை. விடிகாலையில் பிடித்து வைத்த ஒரு பக்கெட் தண்ணீர் கோடை முழுக்க எங்கள் குளியலறையில் இருக்கும். அதிலிருந்து சொம்பில் மொண்டு வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று ஊற்றினோம். பெர்சியன் ரோமத்தில் தண்ணீர் மேலோடு ஓடிவிடும், விரலை விட்டுக் கோதித் தோல்வரை நனைத்தோம். கூடவே விசிறிக் காற்று. ஐஸ் தண்ணீர் வேண்டாம். அது தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், உள்ளே இருக்கிற சூடு வெளியே வர வழி குறையும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலைன் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்ததில் 105 டிகிரி ஃபாரன்ஹீட். பூனைக்கு இயல்பு 100.5 முதல் 102.5 வரை. பத்து நிமிடத்தில் 103-க்கு வந்தது, அப்போது ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். நிறுத்தினபிறகும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். தொடர்ந்து ஊற்றினால் இயல்புக்குக் கீழே போய் வேறு தொல்லை வரும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் அதைத் தேடி நேரத்தைப் போக்காமல், நனைத்தபடியே வண்டியில் ஏறிவிடலாம்.

இதற்குள் இரண்டு யோசனைகள் வந்தன. ஒரு பாட்டி ஸ்பூனில் தண்ணீர் புகட்ட வந்தார். மூச்சு வாங்குகிற பூனைக்குப் புகட்டினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும், தானாக நக்கினால் மட்டும் குடிக்கட்டும் என்றேன். பையனின் அப்பா போனில், "உடம்பு சுடுதுன்னா, பாராசிட்டமால் சிரப் இருக்கே, ரெண்டு சொட்டு விடேன்" என்றார். பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலை முறிக்க முடியாது; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பூனை செத்துப்போகும். இது காய்ச்சலும் இல்லை, வெளிச்சூடு உள்ளே தங்கியது. காய்ச்சல் மருந்து எதுவும் இதற்கு உதவாது.

மேலே துணி போர்த்தாமல், நான்கு பக்கமும் திறந்த கம்பிக்கூடையில், கீழே ஈரத்துண்டு விரித்துக் கொண்டுபோனார்கள். ஆட்டோவில் மூடிய அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் இறங்கின சூடு திரும்ப ஏறிவிடும். மருத்துவமனையில் ஊசி வழியாகச் சலைன் ஏற்றி, ரத்தப் பரிசோதனை செய்து, அன்றிரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பூனை சாப்பிட்டுவிட்டது என்று அழைத்து வந்தாலும், மூன்றாம் நாள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் அளவைப் பார்க்கத் திரும்ப வரச்சொன்னார்கள். சூட்டில் பழுதான சிறுநீரகமும் கல்லீரலும் அன்றே காட்டிக்கொடுக்காது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரத்தத்தில் தெரியும். முதலுதவியிலேயே தெளிந்துவிட்ட பூனையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பூனைக்கு அளவுகள் சரியாக இருந்தன. இப்போது அந்த வீட்டில் ஏசி ஓடினாலும் அறைக் கதவுக்கு ஒரு செருப்பை அண்டை கொடுத்து வைக்கிறார்கள், கரண்ட் போனால் பூனை குளியலறைக்கு வந்துவிடும். குளிர்ச்சி 27 டிகிரியில் இருக்கிறது. அதற்குக் கீழே வைக்க வேண்டிய அவசியம் பூனைக்கு இல்லை.

தடுப்பூசிக்கோ வேறு எதற்கோ போக வேண்டியிருந்தால் இந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுகிறோம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திருவான்மியூரிலிருந்து போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டுமென்றால் அப்போதுதான் முடியும்.

கத்திரி முடிந்துவிட்டது என்று மே கடைசியில் நாட்காட்டி சொல்லும். சென்னைக்கு அது பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை தொடக்கத்தில் நமக்குப் பெரிதாக ஒன்றும் தருவதில்லை, ஜூனிலும் 40 டிகிரி வந்து போகும், செப்டம்பர் வரை இரவுப் புழுக்கம் நிற்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்தபிறகுதான் செவலையின் டிரை ஃபுட்டை 30 கிராமிலிருந்து மெல்ல ஏற்றுகிறேன். பவுச்சில் தண்ணீர் குழைப்பதை மட்டும் அப்போதும் நிறுத்துவதில்லை.